அம்மிச்சிக்கு ஒரு நினைவுரை: படத்திறப்பில் பேசப் போகிற பேரன் பேத்திகளின் கேள்விகள்

எங்கள் அம்மிச்சி காலமாகி ஒரு வாரம் ஆகிறது. கருமாதி அன்று படத்திறப்பு வைத்திருக்கிறோம். பேரன் பேத்திகள் சார்பாக நீதான் பேச வேண்டும் என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். எவ்வளவு நேரம் பேசுவது? எந்த வரிசையில் பேசுவது?

ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு முன்பு ஊர்ப் பெரியவர் ஒருவர், கட்சிக்காரர் ஒருவர், உறவில் யாராவது ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மூன்று பேராவது பேசியிருப்பார்கள். பந்தலுக்குப் பின்னால் இலை போடத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். துக்கத்தில் நிதானமாகப் பேசினால் ஐந்து நிமிடத்துக்கு நானூறு, நானூற்றைம்பது சொற்கள்தான் ஆகும். எழுதியதைச் சத்தமாக வாசித்து, செல்பேசிக் கடிகாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் வாசித்துப் பார்ப்பது கணக்கில் சேராது.

முதலில் அவர் யார், எந்த ஊர்ப் பெண், எங்கே வாழ்ந்தார் என்பது நான்கைந்து வரி. அடுத்து, கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த அவருடைய ஒரு பழக்கம்; புன்னகைக்கு அதுவே இடம். மூன்றாவது ஒரே ஒரு கதை. உரையில் பாதி நேரத்தை அதற்குக் கொடுங்கள். அதன் பிறகு கேட்பவர்கள் எல்லோருக்கும் சொந்தமான ஒரு நினைவு. கடைசியில் விடைபெறுகிற ஒரு வரி, ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

பேசும் வரிசை இது. ஆனால் எழுதும்போது கதையிலிருந்து ஆரம்பியுங்கள். தொடக்க வரியை முதலில் எழுத உட்கார்ந்தால் விடிய விடிய அந்த ஒரு வரியிலேயே நிற்க நேரும். கதை கையில் இருந்தால் அதற்கு என்ன முன்னுரை தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

'அன்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அதைக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் அச்சடித்து பஸ் நிறுத்தம் வரை ஒட்டியாகிவிட்டது. எல்லோரும் படித்துவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்திருக்கிறார்கள்.

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து ஊர் அம்மிச்சிக்கும் அதே வரி பொருந்திவிடுகிறது. முதல் வாக்கியத்தில் அவருக்கு மட்டும் பொருந்துகிற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: ஊரின் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் எந்நேரமும் வைத்திருந்த ஒரு பொருள். 'மேற்கால தோட்டத்து வீட்டில் விடியற்காலை முதல் விளக்கைப் போடுகிறவர் எங்கள் அம்மிச்சி' என்று ஆரம்பித்தால் அந்த வீட்டைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் விளக்கோடு சேர்த்து அவர் முகமும் தெரிந்துவிடும்.

'அனைவருக்கும் வணக்கம், இங்கே வருகை தந்திருக்கும்' என்று பெயர்ப் பட்டியல் வாசிக்காதீர்கள். பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அவர் பத்து வருடத்துக்கு அதை மறக்க மாட்டார். நன்றி சொல்கிறவரிடம் அந்த ஆபத்தை விட்டுவிடுங்கள். ஆனால் அம்மிச்சியின் பிறந்த ஊரை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். கோடி கொண்டுவந்த பிறந்த வீட்டார் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். புகுந்த வீட்டுக் கதைகளே பேசப்படும் பந்தலில் அவர்களுடைய பெண்ணை நீங்கள் மறக்கவில்லை என்பது அந்த ஒரு வரியில் தெரியும்.

அவர் பிறந்த தேதியே யாருக்கும் தெரியவில்லை. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கிறது. வாழ்க்கைக் குறிப்பை எப்படிச் சொல்வது?

அந்தத் தலைமுறையில் பாதிப்பேர் ஆதாரில் ஜனவரி முதல் தேதியில்தான் பிறந்திருக்கிறார்கள். பிறந்த வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் பதிவாகும்.

வீட்டில் மூத்தவர்களிடம் தமிழ் வருடத்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 'விய வருஷம் ஐப்பசி மாதம்' என்று யாராவது சொன்னால் அது 1946 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். 'சுபானு' என்றால் 1943 சித்திரையில் தொடங்கிய வருடம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் இந்தக் கணக்கில் குழப்பம் வராது. அதுவும் கிடைக்கவில்லையென்றால் தேதியை விட்டுவிடுங்கள். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகிற பெண்ணா, மாடு மேய்க்கிற பெண்ணா என்பது தெரிந்தால் அதுவே போதும்.

வாழ்க்கைக் குறிப்பு என்றதும் மகன்கள், மருமகள்கள், அவர்கள் வேலை, பேரப்பிள்ளைகள் படிக்கும் நாடு என்று நீட்டுவார்கள். அது அவருடைய குறிப்பு இல்லை, மற்றவர்களுடையது. அவரைப் பற்றி ஒரே ஒரு தகவல் சொன்னாலும் அதில் கொஞ்சம் உயிர் இருக்கட்டும். உதாரணமாக, காங்கேயம் பக்கத்து அம்மிச்சி ஒருவருக்காக இப்படி எழுதலாம்:

'கல்யாணமாகி வந்தபோது அவர் கோயம்புத்தூர் மாவட்டத்துக்காரர். 1979இல் பெரியார் மாவட்டத்துக்காரர் ஆனார். பிறகு அதற்கே ஈரோடு மாவட்டம் என்று பெயர் வந்தது. 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார். இத்தனைக்கும் அம்மிச்சி அந்த வீட்டுத் திண்ணையை விட்டு நகரவே இல்லை.'

காங்கேயம் வட்டாரத்துக்கு இது நடந்த வரலாறு. கேட்பவர்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் அதே வழியாக வந்தவர்கள். தகவலும் புன்னகையும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. யாரையும் கிண்டல் செய்யவும் இல்லை.

கதை என்று சொல்ல எதுவும் நினைவுக்கு வரவில்லை. 'நல்லவர், எல்லோரையும் கவனித்துக்கொள்வார்' என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கதை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். கேதம் கேட்க வருகிறவர்களிடம் இருக்கும். கருமாதி வரைக்கும் வீட்டில் யாராவது வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். 'அம்மிச்சி எப்படிப்பட்டவர்?' என்று அவர்களைக் கேட்டால் உங்களுக்குக் கிடைத்த அதே 'நல்லவர்'தான் வரும். 'கடைசியாக அவரிடம் எதற்குத் திட்டு வாங்கினீர்கள்?' என்று கேளுங்கள். 'எதை யாருக்கும் கொடுக்க மாட்டார்?' என்று கேளுங்கள். உடனே இடம், பொருள், ஆள் எல்லாம் வந்துவிடும். மூன்று பேரையாவது கேட்க வேண்டும்: பிறந்த வீட்டில் ஒருவர், மூத்த மருமகள், தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவர். மூவருக்கும் அவர் மூன்று விதமான ஆள்.

காங்கேயம் பக்கத்துப் பேத்தி ஒருத்திக்கு இப்படிச் செய்தபோது கிடைத்ததைச் சொல்கிறேன். அவள் முதலில் எழுதி வைத்திருந்தது: 'அம்மிச்சி மிகவும் நேர்மையானவர். யாரையும் ஏமாற்ற மாட்டார். மாடு வளர்த்துப் பால் ஊற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.' மூன்று வாக்கியம், மூன்றும் தீர்ப்பு. ஒன்றையும் கண்ணால் பார்க்க முடியவில்லை.

பால் யாருக்கு ஊற்றினார் என்று கேட்டேன். ஊரில் டீக்கடைக்கு. கணக்கு எப்படி வைத்தார்? அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய பெரியம்மாவிடம் கேட்டாள். பெரியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆசாரத்துச் சுவரில் கரிக்கோடு போடுவார்களாம். சின்னம்மாவின் கல்யாணத்துக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்த இடத்தை மட்டும் அடிக்க அம்மிச்சி விடவில்லையாம். பிறகு டீக்கடைக்காரரின் மகனிடம் போனாள். அவருக்குத் தெரிந்த மீதி வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. இரண்டையும் சேர்த்து அவள் எழுதியது இது:

'சின்னம்மா கல்யாணத்துக்கு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆசாரத்துச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அம்மிச்சி அடிக்க விடவில்லை. டீக்கடைக்கு ஊற்றிய பால் கணக்கு அங்கேதான் கரிக்கோடாக இருந்தது. அப்புச்சி சொல்லிப் பார்த்தார், மாமா சொல்லிப் பார்த்தார். கணக்கு முடியாமல் அழிக்கக் கூடாது என்றுவிட்டார். இன்றைக்கும் அந்தக் கல்யாண போட்டோவில் சின்னம்மா பட்டுச்சேலையில் நிற்கிறார், தோளுக்குப் பின்னால் பால் கணக்கு நிற்கிறது. அந்தக் கோடுகளில் சில, மற்றவற்றில் பாதி உயரம்தான் இருக்கும். கைதவறிப் போட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். கன்றுக்கு விட்டது போக அளவு குறைந்த நாட்களுக்கு அம்மிச்சி அரைக்கோடு போட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்து டீக்கடைக்காரர் முழுக் கணக்குக்குப் பணம் கொண்டுவந்தபோது, அரைக்கோடுகளை எண்ணிக் கழித்துவிட்டுத்தான் வாங்கினாராம். அதை அந்தக் கடைக்காரரின் மகன் சொல்லி, போன வாரம்தான் எங்களுக்குத் தெரியும்.'

'நேர்மை' என்ற சொல்லே இதில் இல்லை. வேண்டியதும் இல்லை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு 'இதிலிருந்து அவருடைய நேர்மை நமக்குத் தெரிகிறது' என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அதுவரை கேட்ட கதை பள்ளிக்கூடப் பாடமாகிவிடும்.

கதையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது மூன்று. அவர் அதில் ஏதாவது செய்கிறாரா, அல்லது அவருக்கு ஏதோ நடக்கிறதா? செய்கிற கதையை எடுங்கள். கையால் தொடக்கூடிய ஒரு பொருள் அதில் இருக்கிறதா? கரிக்கோடு, சுவர், போட்டோ. கூட்டத்தில் ஒருவராவது 'ஆமாம், நான் பார்த்தேன்' என்று தலையாட்ட முடியுமா? இந்த மூன்றும் இருந்தால் வேறு கதை தேட வேண்டாம். இரண்டாவது கதையைச் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

இன்னொன்று. கதையை மேடையேற்றும் முன் அது யாருடையதோ அவரிடம் கேட்டுவிடுங்கள். மேற்சொன்ன பேத்தி டீக்கடைக்காரரின் மகனிடம் கேட்டாள். சொல்லச் சொன்னதோடு, அன்று அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

துக்க வீட்டில் சிரிக்க வைத்தால் மரியாதைக் குறைவாகப் போய்விடாதா?

பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பிவைத்த சாவைக் கல்யாணச் சாவு என்றுதானே சொல்கிறோம். கருமாதிக்குள் அவரைப் பற்றிய வேடிக்கைகளைச் சொல்லித் திண்ணையில் பலமுறை சிரித்து முடித்திருப்பார்கள். ஒலிபெருக்கி முன்னால் சொல்வதுதான் புதிது. ஆனால் அவர் கண்முன்னே பெற்ற பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்தவர் என்றாலோ, நீண்ட நாள் வேதனைப்பட்டுப் போனவர் என்றாலோ சிரிப்பின் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

அவருடைய பலம் கொஞ்சம் அதிகமாகிப் போன இடத்தில் சிரிப்பைத் தேடுங்கள். ஒரு படத்திறப்பில் பேரன் ஒருவன் சொன்னான்: 'எங்கள் ஆத்தா எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நின்றுவிடுவார். பஸ் எட்டு மணிக்குச் சரியாக வரும். ஒரு மணி நேரம் தாமதம் என்று கண்டக்டரைத் திட்டிக்கொண்டே ஏறுவார்.' எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கண்டிப்பும் அவசரமும் அதில் முழுதாக இருந்தன, அவர் சிறிதும் குறைந்துபோகவில்லை. காது கேளாமை, மறதி, படுக்கையில் கிடந்த நாட்கள், எழுதப் படிக்கத் தெரியாதது, இவற்றை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். மாமியார் மருமகள் சண்டை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதன் பக்கம் போகாதீர்கள். அந்த மருமகள்தான் கடைசி இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டிவிட்டவராக இருப்பார்.

அவரைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டவரிடம் தனியாக வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'ம்' என்று மட்டும் சொன்னால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

முதல் வரியிலேயே சிரிப்பை வைக்கக் கூடாது. கேட்பவர்கள் இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்' என்று முன்னறிவிப்பும் கூடாது. சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை நிற்க வேண்டும், வராவிட்டால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டு இடம் போதும். மூன்றாவது வந்தால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

கூட்டத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் ஒவ்வொரு உறவு. என் கதையை மட்டும் சொன்னால் சுயபுராணமாக இருக்காதா?

இருக்கும். அதனால்தான் கதைக்குப் பிறகு பொதுவான ஒரு நினைவு வேண்டியிருக்கிறது. அதை அன்பு, பாசம் என்ற சொற்களில் தேடினால் கிடைக்காது. எல்லோரும் காதால் கேட்ட, கண்ணால் பார்த்த ஒன்றைத் தேடுங்கள். மேற்சொன்ன பேத்தி எடுத்துக்கொண்டது அம்மிச்சியின் குரலை:

'பொழுது சாயும்போது கொறங்காட்டிலிருந்து மாடுகளை அம்மிச்சி கூப்பிடும் குரல் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். மாடுகள் வருவதற்கு முன்பே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தக் குரலுக்கு வீடு திரும்பியவர்கள் என்று எனக்குத் தெரியாது.'

இங்கே அவள் கொஞ்சம் நிறுத்தினாள். பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், கூட விளையாடிய நடுத்தர வயதுக்காரர்கள், மேய்த்த ஆட்கள் எல்லோரும் அந்த ஒரு குரலுக்குள் வந்துவிட்டார்கள். யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. 'கை தூக்குங்கள்' என்று கேட்கவும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்படிக் கேட்பது சங்கடம்.

கதையில் 'நான்' வரலாம். இந்த இடத்தில் 'நாம்' வர வேண்டும். ஆனால் 'நம் எல்லோரையும் ஒரே மாதிரி நேசித்தார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருடைய செல்லப் பேரன் யார் என்பது பந்தலில் அத்தனை பேருக்கும் தெரியும்.

அவருக்கும் என் அப்பாவுக்கும் பூமி பாகத்தில் நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் பொய்யாகத் தோன்றுகிறது.

சொல்ல வேண்டாம். விட்டுவிடுவது பொய்யாகாது, பந்தலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'மகன்கள், மருமகன்கள் எல்லோரும் அவருக்கு உயிர்' என்று அதற்கு நேர்மாறாக எழுதினால்தான் பொய்யாகும், அப்போது பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடும். அவருடைய பிடிவாதத்தைக் காட்டும் வேறு ஒரு கதை இருந்தால் அதைச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் பேச்சு வழக்கிலேயே பேசலாமா, மேடைத் தமிழில் எழுத வேண்டுமா?

நீங்கள் சொல்லும் பகுதி எளிமையான தமிழில் இருக்கட்டும். அவர் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும் அவர் சொன்னபடியே சொல்லுங்கள். 'கண்ணு' என்று கூப்பிட்டவரை 'குழந்தாய்' என்று கூப்பிட வைத்தால் அவர் பேரனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

நடுவில் அழுதுவிட்டால் என்ன செய்வது?

தாளைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக்கொள்ளுங்கள். செல்பேசியில் பார்த்து வாசிப்பதாக இருந்தால் கண்ணீரில் திரை தெரியாது, கை நடுக்கத்தில் பக்கமும் நகர்ந்துவிடும். தொண்டை அடைப்பது பெரும்பாலும் கதையில் இல்லை, 'போய் வாருங்கள் அம்மிச்சி' என்கிற மாதிரி நேராக அவரைப் பார்த்துப் பேசும் வரியில்தான். அந்த மாதிரி வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்தால், அழுதாலும் உரை முடிந்துவிட்டிருக்கும். அதற்கு முன்பே அழுகை வந்தால் நின்று தண்ணீர் குடியுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். தாளின் இன்னொரு பிரதி சித்தப்பா பையனிடமோ மாமா பெண்ணிடமோ இருக்கட்டும். விட்ட இடத்திலிருந்து அவர்கள் வாசிக்கலாம்.

முன்னால் பேசுகிறவர்கள் நேரத்தை இழுத்துவிட்டார்கள், 'இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள், சாப்பாடு தயார்' என்று சொன்னால் எதை வெட்டுவது?

அப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். வீட்டிலேயே அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். அறிமுகத்தை வெட்டுங்கள், அதை முன்னால் பேசியவர்கள் சொல்லியிருப்பார்கள். பழக்கத்தைப் பற்றிய சிரிப்பையும் விட்டுவிடுங்கள். கதையை மட்டும் வைத்துக்கொண்டு நேராக 'சின்னம்மா கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்' என்றே தொடங்குங்கள். கதைக்குள் சிரிப்பும் இருக்கிறது. பொது நினைவில் ஒரு வரி, பிறகு கும்பிடு. தாளில் வெட்டக்கூடிய பகுதிகளின் ஓரத்தில் முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தால், மேடைப் படி ஏறும்போது தேட வேண்டியிருக்காது.